கண்காணிப்பு அறிவிப்பின் கடைசிப் பத்தி

2007 ஜூலை 3ஆம் தேதி. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் ஒரு தனியார் நிறுவனம் தன் ஊழியர்களுக்கு ஓர் அறிவிப்பைச் சுற்றுக்கு விட்டது. அலுவலக இணையத்தையும் தொலைபேசியையும் நகல் எடுக்கும் கருவியையும் சொந்த வேலைக்குப் பயன்படுத்திய ஓர் ஊழியர் பணிநீக்கம் செய்யப்பட்டார் என்றது அந்த அறிவிப்பு. ஊழியர்களின் வேலையை மேற்பார்வையிட்டுக் கண்காணிப்பது நிறுவனத்தின் கடமை என்றும், தவறு செய்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் சேர்த்துச் சொன்னது. படித்ததற்கு அடையாளமாக ஒவ்வொருவரும் அதில் கையெழுத்திட வேண்டும்.

விற்பனைப் பிரிவில் பொறியாளராக இருந்த பொக்டான் பர்புலெஸ்குவும் கையெழுத்திட்டார். வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வதற்காக, நிறுவனம் சொன்னதன் பேரில், அவர் யாஹூ மெசஞ்சரில் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஜூலை 5 முதல் 13 வரை அந்தக் கணக்கில் நடந்த உரையாடல்களை நிறுவனம் நேரடியாகப் பதிவு செய்தது. 13ஆம் தேதி மாலை அவரை அழைத்து விளக்கம் கேட்டார்கள். வேலைக்காக மட்டுமே பயன்படுத்தினேன் என்று எழுதிக் கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் 45 பக்கங்களை அவர் முன் வைத்தார்கள். சகோதரருடனும் திருமணம் நிச்சயமான பெண்ணுடனும் அவர் பேசியவை அதில் இருந்தன. அவற்றில் சில மிகவும் அந்தரங்கமானவை. ஆகஸ்ட் 1ஆம் தேதி வேலை போயிற்று.

ருமேனிய நீதிமன்றங்கள் நிறுவனத்தின் பக்கம் நின்றன. ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் 2016இல், முதல் சுற்றில், உரிமை மீறல் எதுவும் இல்லை என்றது. 2017 செப்டம்பர் 5 அன்று அதே நீதிமன்றத்தின் 17 பேர் கொண்ட பெரும் அமர்வு, 11க்கு 6 என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அறிவிப்பு இருந்தது, கையெழுத்தும் இருந்தது, தனிப்பட்ட பயன்பாடு கூடாது என்ற விதியும் இருந்தது. ஆனால் எந்த வகையான கண்காணிப்பு, எவ்வளவு தூரம் நடக்கும், எழுதும் வரிகளையே படிப்பார்களா என்பது அவருக்கு முன்கூட்டியே சொல்லப்படவில்லை. ‘கண்காணிப்போம்’ என்று மட்டும் சொல்லும் அறிவிப்பை நீதிமன்றம் போதுமானதாக ஏற்கவில்லை.

இன்று சென்னையிலும் கோவையிலும் அலுவலக மடிக்கணினியை வாங்கும்போது நீட்டப்படும் தாள்களில் இருப்பதும் பெரும்பாலும் அதே ஒற்றை வரிதான்: ‘நிறுவனக் கருவிகளின் பயன்பாடு கண்காணிக்கப்படலாம்.’ அந்த வரிக்குள் என்னவெல்லாம் அடங்கும் என்பதைப் பார்த்தால்தான், ஒரு நேர்மையான அறிவிப்பில் என்ன இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

உற்பத்தித்திறன் கண்காணிப்பு மென்பொருளின் ஒரு சிறு பகுதி ஊழியரின் கணினியில் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். ஏஜென்ட் என்பார்கள். அது செய்யும் வேலைகளில் மிக எளியது, கடைசியாக விசைப்பலகையோ மவுஸோ எப்போது அசைந்தது என்று கேட்பது. விண்டோஸ் கணினியில் அதற்கென்றே `GetLastInputInfo` என்ற அழைப்பு இருக்கிறது. அது நேரத்தை மட்டும் சொல்லும். எந்த விசை அழுத்தப்பட்டது என்று சொல்லாது. இந்த வேறுபாட்டை ஊழியர்களில் பலர் அறிய மாட்டார்கள், அறிவிப்பு எழுதுபவர்களும் சொல்வதில்லை. விசைகள் அசைந்தனவா என்று பார்ப்பது ஒன்று. விசைகளையே எழுத்து எழுத்தாகப் பதிவு செய்து கடவுச்சொல் வரை எடுத்துக்கொள்வது முற்றிலும் வேறு. ‘விசைப்பலகைச் செயல்பாடு பதிவாகும்’ என்று எழுதிய அறிவிப்பு இந்த இரண்டில் எதையும் குறிக்கலாம்.

இரண்டாவது வேலை, திரையில் முன்னால் இருக்கும் சாளரம் எந்த மென்பொருளுடையது, அதன் தலைப்பு என்ன என்று சில நொடிகளுக்கு ஒருமுறை குறித்துக்கொள்வது. இதைப் பற்றி அறிவிப்புகள் சொல்லும் ஒரு வாக்கியம் எனக்கு எப்போதும் உறுத்தும்: ‘பயன்பாட்டின் பெயரும் சாளரத் தலைப்பும் மட்டுமே எடுக்கப்படும், உள்ளடக்கம் எடுக்கப்படாது.’ உலாவியில் ஒரு மின்னஞ்சலைத் திறந்தால் அந்த மின்னஞ்சலின் பொருள் வரியே பெரும்பாலும் சாளரத் தலைப்பாக வந்து நிற்கும். மருத்துவமனையிலிருந்து ‘உங்கள் பரிசோதனை முடிவு’ என்று வந்த மடலை உணவு இடைவேளையில் ஒருவர் அரை நிமிடம் திறந்து மூடினாலும் அந்த வரி, நேரத்துடன், நிறுவனத்தின் தரவுத்தளத்தில் போய் உட்கார்ந்துவிடும். தேடுபொறியில் தட்டிய சொற்களும் இப்படித்தான் தலைப்பில் வரும். ஆகவே தலைப்பு எடுக்கப்படுகிறது என்றால் உள்ளடக்கத்தின் ஒரு கீற்றும் எடுக்கப்படுகிறது என்றுதான் அறிவிப்பு சொல்ல வேண்டும். இணையதளத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தலைப்பை விட்டுவிடும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. அதை இயக்கியிருக்கிறார்களா என்று கேட்பது ஊழியரின் உரிமை என்றே நான் நினைக்கிறேன்.

மூன்றாவது, திரையைப் படம் எடுப்பது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் நொடியில் திரையில் வங்கிக் கணக்கு இருந்தால் அதுவும், வாடிக்கையாளரின் ஆதார் எண் இருந்தால் அதுவும் படத்தில் விழும். இங்கே சிக்குவது ஊழியரின் அந்தரங்கம் மட்டும் அல்ல. யாருடைய தகவலைக் காப்பதற்காக இந்தக் கண்காணிப்பு என்று சொல்கிறார்களோ, அவர்களுடைய தகவலே இன்னோர் இடத்தில் நகலாகக் குவிகிறது.

இவை எல்லாம் சேர்ந்து நாள் முடிவில் ஒரு சதவீதமாக மேலாளரின் திரையில் தோன்றும். அந்த எண் எப்படி உருவாகிறது என்பதை ஒரு மணி நேரக் கணக்கால் பார்க்கலாம். மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் ஓர் ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். காலை 10 மணிக்கு ஒரு சிக்கலான கோரிக்கை குறித்து மருத்துவமனையுடன் தொலைபேசியில் 12 நிமிடங்கள் பேசுகிறார். 3 நிமிடங்கள் குறிப்பு எழுதுகிறார். பிறகு காணொளிக் கூட்டத்தில் 16 நிமிடங்கள், எதையும் தொடாமல், கேட்டுக்கொண்டிருக்கிறார். 9 நிமிடங்கள் தட்டச்சு செய்கிறார். 6 நிமிடங்கள் எழுந்து போய்த் தேநீர் குடிக்கிறார். மீதி 14 நிமிடங்கள் மறுபடியும் தட்டச்சு. மணி 11.

ஐந்து நிமிடங்கள் விசையும் மவுஸும் அசையாவிட்டால் ‘ஐடில்’ என்று குறிக்கும்படி மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தால், தொலைபேசி, கூட்டம், தேநீர் மூன்றுமே அந்த வரம்பைத் தாண்டுகின்றன. 34 நிமிடங்கள் ஐடில், 26 நிமிடங்கள் வேலை. இது கடைசி அசைவு நின்ற கணத்திலிருந்தே இடைவெளி முழுவதையும் ஐடிலாக எண்ணும் முறை. ஐந்தாவது நிமிடம் முடிந்த பிறகுதான் ஐடில் தொடங்குகிறது என்று கணக்கிட்டால், ஒவ்வொரு இடைவெளியிலும் ஐந்து நிமிடம் குறைந்து, ஐடில் 19 நிமிடங்கள், வேலை 41 நிமிடங்கள். வரம்பை 15 நிமிடங்களாக உயர்த்திவிட்டால் கூட்டம் மட்டுமே பிடிபடும். முதல் முறையில் வேலை 44 நிமிடங்கள், இரண்டாம் முறையில் 59 நிமிடங்கள். ஒரே மனிதர், ஒரே மணி நேரம், நான்கு விடைகள். உண்மையில் வேலை இல்லாமல் கழிந்தது தேநீருக்கான 6 நிமிடங்கள் மட்டும். 15 நிமிட வரம்பு வைத்தால் அந்த 6 நிமிடங்கள்தான் கண்ணுக்கே தெரிவதில்லை, கூட்டத்தில் கவனமாகக் கேட்டதுதான் குற்றமாகப் பதிவாகிறது.

வரம்பு எத்தனை நிமிடம், எந்த முறையில் கணக்கு என்ற இரண்டையும் அறிவிப்பில் எழுத ஒரு வரி போதும். அந்த வரி இருந்தால் ஊழியர் தன் நாளைத் தானே கணக்கிட்டுப் பார்த்து, ‘இது கூட்டம், இது தொலைபேசி’ என்று எடுத்துச் சொல்ல முடியும். அது இல்லாதபோது சதவீதத்துடன் வாதாட வழியில்லை.

பிரான்சில் இது வாதமாகவே போய் முடிந்தது. அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல், 2024 டிசம்பரில் ஒரு வீட்டுமனை நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் விதித்தது. நிறுவனத்தின் பெயரை வெளியிடவில்லை. அங்கே 3 முதல் 15 நிமிடங்கள் வரை விசையும் மவுஸும் அசையாத நேரத்தை மென்பொருள் செயலற்ற நேரமாக எண்ணியது. ஊழியர் அதற்குக் காரணம் காட்டாவிட்டால், அல்லது பிறகு ஈடு செய்யாவிட்டால், சம்பளத்தில் பிடிக்கலாம் என்று ஏற்பாடு. ஸ்கிரீன்ஷாட்டுகளும் விட்டுவிட்டு எடுக்கப்பட்டன. ஆணையம் சொன்ன காரணம் மேலே போட்ட கணக்கின் சாரம்தான்: கூட்டத்திலும் தொலைபேசியிலும் இருப்பது வேலை நேரம், அதை வேலை இல்லை என்று காட்டும் கருவி வேலை நேரத்தை அளக்கும் கருவியாகாது. ஊழியர்களிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டோம் என்ற விளக்கத்தையும் ஆணையம் ஏற்கவில்லை. வாய்ச்சொல் காலப்போக்கில் மறைந்துவிடும். தேவைப்படும்போது எடுத்துப் பார்க்க எழுத்தில் இருக்க வேண்டும்.

நிறுவனங்களுக்கு இதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மணிக்கணக்கில் வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கும் நிறுவனம், அந்த மணிகளுக்குச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு வங்கியின் தகவலைக் கையாளும் அலுவலகம், கோப்பு வெளியே போகவில்லை என்று உறுதி செய்தாக வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023 ஜனவரியில் தீர்ப்பான ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு கணக்காளர் தன்னை நியாயமின்றி நீக்கிவிட்டார்கள் என்று தீர்ப்பாயத்துக்குப் போனார். நிறுவனம் டைம்கேம்ப் என்ற மென்பொருளின் பதிவைக் காட்டியது. அவர் வேலை செய்ததாக எழுதிக் கொடுத்த நேரத்தில் 50.76 மணி நேரத்துக்கு அந்தப் பதிவில் தடயம் இல்லை. காகிதத்தில் அச்செடுத்து வேலை பார்த்தேன் என்றார் அவர். அவ்வளவு பக்கங்கள் அச்சிடப்பட்டதாகப் பதிவு இல்லை என்று நிறுவனம் காட்டியது. காகிதத்தில் செய்த வேலையையும் பிறகு நிறுவனத்தின் மென்பொருளில் ஏற்றியாக வேண்டும், அப்படி ஏற்றியதற்கும் தடயம் இல்லை. வேலை செய்யாத நேரத்துக்கு வாங்கிய சம்பளமாக 1,506.34 கனடிய டாலரைத் திருப்பித் தரும்படி தீர்ப்பாயம் சொன்னது.

இந்த வழக்கையும் பிரான்ஸ் வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கனடாவில் ஐடில் சதவீதத்தை வைத்து யாரையும் தண்டிக்கவில்லை. அவர் தாமே எழுதிக் கொடுத்த நேரக் கணக்கு ஒருபுறம், மென்பொருள் பதிவு மறுபுறம், அச்சுப்பொறித் தடயம் மூன்றாவது. மூன்றையும் ஒப்பிட்டார்கள், அவருடைய விளக்கத்தைக் கேட்டு அதையும் சோதித்தார்கள். பிரான்சில் மென்பொருளின் எண் நேராகச் சம்பளத்தைத் தொட்டது. அப்படி எண் சம்பளத்தைத் தொடும் இடத்தில் மக்கள் வேலையை விட்டுவிட்டு எண்ணைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார்கள். விசைப்பலகை இயங்குவது போலப் பாவனை செய்ததற்காக அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024இல் பத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை நீக்கியது இந்தப் போக்கின் மறுமுனை.

ஆகவே அறிவிப்பில் நான் முதலில் தேடிப் படிப்பது கடைசிப் பத்தியை. எதைப் பதிவு செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்பதற்குப் பிறகு, எதற்குப் பயன்படுத்த மாட்டோம் என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. பாதுகாப்புக்காக என்று தொடங்கிய பதிவு ஆறு மாதத்தில் ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் மேலாளரின் கையில் தாளாக இருப்பது இந்த வெற்றிடத்தால்தான். யாரும் திட்டமிட்டு ஏமாற்ற வேண்டியதில்லை. தரவு இருக்கிறது, பார்க்கும் அனுமதி இருக்கிறது, தடுக்கும் வரி இல்லை. கை தானாகப் போகும்.

சட்டம் தடுக்காதா என்று கேட்கலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமும் மின்னணுக் கண்காணிப்பு பற்றி எழுத்து வடிவில் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் சட்டம் வந்தது. எப்படி, எந்தச் சூழலில், எந்த நோக்கத்துக்காக என்பதை அதில் சொல்ல வேண்டும். ஆனால் அதே சட்டப் பிரிவில் இன்னொரு வாக்கியமும் இருக்கிறது: கண்காணிப்பில் கிடைத்த தகவலைப் பயன்படுத்தும் நிறுவனத்தின் உரிமையை இந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது. அறிவிக்க வேண்டும், ஆனால் அறிவித்த நோக்கத்துக்குள் நிற்க வேண்டியதில்லை.

இந்தியாவில் நிலைமை இன்னும் மெலிந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சம்மதம் கேட்கும்போது அறிவிப்பு தர வேண்டும் என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் 7ஆம் பிரிவு, சம்மதமே தேவைப்படாத சில பயன்பாடுகளைப் பட்டியலிடுகிறது. வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களும், நிறுவனத்தை இழப்பிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காக்கும் நோக்கமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சம்மதம் தேவையில்லை என்றால், சம்மதத்துடன் கட்டப்பட்ட அறிவிப்பும் தேவையில்லை. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பெறும் 11ஆம் பிரிவின் உரிமையும் சம்மதம் தந்தவருக்கே என்று எழுதப்பட்டிருக்கிறது. தகவலைப் பாதுகாப்பாக வைக்கும் கடமை நிறுவனத்துக்கு இருக்கிறது. ஊழியரிடம் விளக்கும் கடமை மிகக் குறுகியது. சட்டத்தை எழுதியவர்கள் வேலை கொடுப்பவரின் சங்கடத்தை நினைத்த அளவுக்கு வேலை செய்பவரின் நிலையை நினைக்கவில்லை என்பது என் வருத்தம்.

சட்டம் கேட்காத இடத்தில் அறிவிப்பின் வாசகமே ஊழியருக்கு இருக்கும் ஒரே பிடி. அந்தக் கடைசிப் பத்தி பெரிய சட்ட மொழியில் இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்: ‘இந்தப் பதிவுகள் 90 நாட்களுக்குப் பிறகு அழிக்கப்படும். உங்கள் நேரடி மேலாளர் குழுவின் மொத்தக் கணக்கை மட்டுமே பார்ப்பார். தனிநபர் பதிவைத் திறக்க மனிதவளத் துறையின் எழுத்து அனுமதி வேண்டும், யார் எப்போது திறந்தார் என்பதும் பதிவாகும். செயலற்ற நேரத்தை வைத்துச் சம்பளம் பிடிக்கப்படாது, மதிப்பெண் போடப்படாது. எந்த நடவடிக்கைக்கும் முன்னால் உங்கள் பதிவின் நகல் உங்களுக்குத் தரப்பட்டு விளக்கம் கேட்கப்படும். பணி நேரம் முடிந்ததும் பதிவு நின்றுவிடும்.’ 90 நாட்கள் என்பது நான் போட்ட எண். நிறுவனத்துக்கு 60 போதுமானதாக இருக்கலாம். ஓர் எண் எழுதப்பட்டிருப்பதுதான் முக்கியம். ‘தேவைப்படும் காலம் வரை’ என்று எழுதினால் அதற்கு முடிவே இல்லை.

இதில் எந்த வாக்கியத்தை நிறுவனம் எழுதத் தயங்குகிறதோ, அந்த இடத்தில்தான் தரவு வேறு எதற்கோ போகிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். சம்பளம் பிடிக்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு, பிடிக்க மாட்டோம் என்று எழுதுவதில் செலவு எதுவும் இல்லை.

அப்படிப்பட்ட பத்தி இல்லாத தாள் உங்கள் முன் வந்தால், கையெழுத்திடும் முன் மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். விசைகள் எண்ணப்படுகின்றனவா, படிக்கப்படுகின்றனவா? ஐடில் வரம்பு எத்தனை நிமிடம்? யார் பார்க்கிறார்கள், எப்போது அழிக்கிறீர்கள்? இந்தக் கேள்விகளில் சண்டை எதுவும் இல்லை. பதில் வராவிட்டாலும் கேட்டது பதிவாக இருக்கும். கையெழுத்துக்குக் கீழே தேதியைப் போட மறக்க வேண்டாம். பர்புலெஸ்கு ஜூலை 3க்கும் 13க்கும் இடையில் ஏதோ ஒரு நாள் கையெழுத்திட்டார் என்பது வரைதான் வழக்கின் ஆவணங்கள் சொல்கின்றன. பதிவு தொடங்கியது 5ஆம் தேதி. அதற்கு முன்பா, பின்பா என்பது பத்து ஆண்டுகள் நடந்த வழக்கிலும் தெளிவாகவில்லை.